107 மீட்டர் குடையும் 9 இன்ச் சுவரும்

புதுசாகக் கட்டின எந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியிலும் அதைப் பார்க்கலாம். லிஃப்ட் ரூம் தலைமேல் ஐந்து மீட்டர் பைப். பைப்பின் நுனியில் பளபளவென்று பறக்கும் தட்டு மாதிரி ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சமாச்சாரம். அதிலிருந்து ஒரே ஒரு செம்புப் பட்டை, சுவரை ஒட்டியே கீழே இறங்கி ஒரு எர்த் பிட்டுக்குள் போய்விடும். நடுவில் மின்னலை எண்ணும் மீட்டர் ஒன்று. அசோசியேஷன் செயலாளரிடம் கேட்டால் பெருமையாகச் சொல்வார்: "ஃபாரின் டெக்னாலஜி சார். 107 மீட்டர் சுற்றளவுக்கு இடியே விழாது."

(அது சுற்றளவு இல்லை, ஆரம். போகட்டும்.)

இந்தப் பறக்கும் தட்டுக்கு ஈஎஸ்இ இடிதாங்கி என்று பெயர். சாதாரணக் கம்பியைவிட இது சில மைக்ரோவினாடிகள் முன்னதாகவே மேல்நோக்கி ஒரு மின்பொறியை அனுப்பி, இறங்கி வரும் மின்னலை வழியிலேயே பிடித்துக்கொள்ளும் என்பது விற்பவர்களின் வாதம். வாங்குகிறவர்களுக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. ஒரு கம்பி, ஒரு பட்டை, ஒரு குழி. கொட்டேஷன் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும்.

அந்த அரைப் பக்கத்தில் என்னென்ன விடுபட்டிருக்கிறது என்று ஒரு கட்டடத்தை வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதும்.

40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 65 மீட்டர் உயரம். இருபது மாடிக்கும் கொஞ்சம் மேலே. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி, சோலார் பேனல், டிஷ் ஆன்டெனா, ஏசி வெளி யூனிட்டுகள். இது கற்பனைக் கட்டடம்தான். ஆனால் எந்த ஊர் பைபாஸ் ரோட்டில் நின்று பார்த்தாலும் இதன் அண்ணன் தம்பிகள் நாலு பேராவது கண்ணில் படுவார்கள்.

*

முதலில் ரிஸ்க் கணக்கு. ஐஇசி 62305 என்ற சர்வதேசத் தரம்தான் இந்தியாவில் ஐஎஸ்/ஐஇசி 62305 ஆக ஏற்கப்பட்டிருக்கிறது. அதன் இரண்டாம் பாகம் முழுக்க இந்தக் கணக்குதான். உயரமான கட்டடம் தன் தரைப்பரப்பில் விழுகிற மின்னலை மட்டும் வாங்குவதில்லை. தன் உயரத்தைப்போல மூன்று மடங்கு தூரம் வரை சுற்றியுள்ள மின்னலையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது என்று வைத்து, ஒரு பரப்பைக் கணக்கிடுகிறார்கள்.

```
A = L×W + 6×H×(L+W) + π×(3×H)²
  = 800 + 23,400 + 1,19,459
  = 1,43,659 ச.மீ.
```

வருஷத்துக்கு 40 நாள் இடி கேட்கும் ஊர் என்று வைத்துக்கொண்டால், 2010 பதிப்பு சொல்லும் தோராய விதிப்படி (இடிநாளில் பத்தில் ஒரு பங்கு) சதுர கிலோமீட்டருக்கு வருஷம் 4 மின்னல். பக்கத்தில் அதே உயரமோ குறைவான உயரமோ உள்ள கட்டடங்கள் இருந்தால் விடையைப் பாதியாக்கலாம். அப்படிப் பார்த்தால் வருஷத்துக்கு 0.29. அதாவது சராசரியாக மூன்றரை வருஷத்துக்கு ஒரு நேரடி அடி. "நம்ம பில்டிங்ல எல்லாம் எங்க சார் விழப்போவுது" என்கிறவர்கள் அதே வீட்டுக்கு இருபது வருஷ ஹவுசிங் லோன் எடுத்திருப்பார்கள். லோன் முடிவதற்குள் ஐந்தாறு அடி.

இனி அதே மொட்டைமாடியை ஒரு செல்போன் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டால்? 15 மீட்டர் டவர் ஏறியதும் உச்சி 80 மீட்டர் ஆகிறது. அந்த உச்சிக்கு மட்டும் வட்டம் போட்டாலே 1,80,956 சதுர மீட்டர். கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது. வாடகைப் பணம் மாசாமாசம் வரவில் ஏறும். கூடிய ரிஸ்க் எந்தப் பக்கத்திலும் ஏறாது. டவர் வந்தபிறகு ரிஸ்க் ஷீட்டை எடுத்துத் திருத்திய அசோசியேஷன் எத்தனை இருக்கும்? முதலில் அப்படி ஒரு ஷீட் தங்களிடம் இருக்கிறது என்று தெரிந்த அசோசியேஷனே எத்தனை?

எத்தனை அடி விழும் என்பது கணக்கின் பாதிதான். மறுபாதி, விழுந்தால் கட்டடம் சேதமாக எவ்வளவு வாய்ப்பு என்பது. பாதுகாப்பே இல்லையென்றால் அந்தக் கட்டத்தில் 1 என்று எழுத வேண்டும். தரத்தின்படி மூன்றாம் வகுப்புப் பாதுகாப்பு முழுசாக இருந்தால் 0.1. முதல் வகுப்பு என்றால் 0.02. கடைசியில் உயிரிழப்புக்கான விடை வருஷத்துக்கு லட்சத்தில் ஒன்றுக்குக் கீழே வந்தால் பாஸ்.

தில்லுமுல்லு நடக்கிற இடம் இதுதான். மொட்டைமாடியில் ஒரு பறக்கும் தட்டை வைத்துவிட்டு ஷீட்டில் 0.02 என்று எழுதிவிடுகிறார்கள். அந்த 0.02, அந்த 0.1 எல்லாம் மேலே பிடிக்கும் கம்பி, கீழே இறக்கும் பட்டைகள், எர்த்திங், உள்ளே இணைப்புகள் எல்லாம் அந்தத் தரம் சொன்னபடி இருந்தால் மட்டுமே எழுதக்கூடிய எண்கள். ஐஇசி 62305-ன் மூன்றாம் பாகம் வெளிப்படையாகவே சொல்கிறது: ஒரு கம்பி எவ்வளவு இடத்தைக் காக்கும் என்பதை அதன் உண்மையான உடல் அளவை மட்டும் வைத்தே தீர்மானிக்க வேண்டும். ஈஎஸ்இ-க்கு அங்கே ஒரு மீட்டர்கூடப் போனஸ் கிடையாது. ஒரு தரத்தின் ஷீட்டில் இன்னொரு தரத்தின் சாமானைக் காட்டி எண்ணை எழுதுவது, வராத கடனை வசூலானதாக எழுதி பேலன்ஸ் ஷீட்டை டேலி பண்ணுவதற்குச் சமம். டேலி ஆகும். காசு இருக்காது.

*

சரி, அந்த 107 எங்கிருந்து வந்தது? பிரான்ஸின் என்எஃப் சி 17-102 என்ற தரத்தில் உள்ள ஒரு சூத்திரத்திலிருந்து. சாதாரணக் கம்பியைவிட 60 மைக்ரோவினாடி முன்னதாகப் பொறி கிளம்பும், அது மைக்ரோவினாடிக்கு ஒரு மீட்டர் ஓடும், ஆகவே 60 மீட்டர் முன்னிலை என்கிறது சூத்திரம். ஐந்து மீட்டர் பைப்பில் ஏற்றி, பாதுகாப்பு மட்டங்களிலேயே தளர்வான நான்காவதைப் போட்டால் 107 மீட்டர் வரும். மூன்றாவது மட்டத்துக்கு 97, முதலாவதுக்கு 79. பிரோஷரில் எது பெரிசாக அச்சாகும் என்று சொல்லவும் வேண்டுமா?

மொத்தமும் அந்த "மைக்ரோவினாடிக்கு ஒரு மீட்டர்" என்ற ஆணியில்தான் தொங்குகிறது. இயற்கை மின்னலில் மேல்நோக்கிக் கிளம்பும் பொறிகளின் வேகம் அளக்கப்பட்டபோது பெரும்பாலும் அதில் பத்தில் ஒரு பங்கு அளவே வந்திருக்கிறது. அப்படியானால் 60 மீட்டர் முன்னிலை 6 மீட்டராகச் சுருங்கிவிடும். மின்னல் இயற்பியலில் பெரிய பெயர்களான மார்ட்டின் உமனும் விளாடிமிர் ரக்கோவும் 2002-ல் எழுதிய விமர்சனக் கட்டுரை இந்த ஓட்டையைத்தான் சுட்டிக்காட்டியது. சோதனைச்சாலையில் முன்னதாகப் பொறி கிளம்புவதைக் காட்ட முடியும். வானத்திலிருந்து வருகிற மின்னல் அதற்காக நூறு மீட்டர் சுற்றி வந்து விழும் என்பது நிரூபணம் ஆகவில்லை.

"அதெல்லாம் தியரி சார்" என்பவர்களுக்கு மலேசியா இருக்கிறது. கோலாலம்பூர் உலகிலேயே அதிகம் இடி விழும் பகுதிகளில் ஒன்று. அங்கே ஹார்ட்டோனோ, ரோபியா என்ற இருவர் ஈஎஸ்இ பொருத்திய உயரமான கட்டடங்களைப் பல வருஷங்கள் சுற்றிச்சுற்றிப் படம் எடுத்தார்கள். உச்சியில் கருவி நிற்கிறது. அதே கட்டடத்தின் மூலைகளிலும் விளிம்புகளிலும் கான்கிரீட் பெயர்ந்து கிடக்கிறது. முன்னால் எடுத்த படம், பின்னால் எடுத்த படம் என்று ஜோடி ஜோடியாக வைத்தார்கள். 107 மீட்டர் குடைக்குள், குடைக்காம்புக்குப் பக்கத்திலேயே நனைந்திருக்கிறது கட்டடம்.

அமெரிக்காவில் கதை இன்னும் சுவாரஸ்யம். ஈஎஸ்இ-க்குத் தனித் தரம் கேட்டார்கள். ஆதாரம் போதவில்லை என்று என்எஃப்பிஏ மறுத்தது. உடனே ஈஎஸ்இ விற்பவர்கள், போட்டியாளர்கள் கூட்டுச் சேர்ந்து தங்களைச் சந்தையிலிருந்து ஒதுக்குகிறார்கள் என்று அரிசோனாவில் வழக்குப் போட்டார்கள். எதிர்த்தரப்பு, பொய் விளம்பரம் என்று பதில் வழக்குப் போட்டது. 2003-ல் தீர்ப்பு ஈஎஸ்இ-காரர்களுக்கு எதிராக வந்தது. சாதாரணக் கம்பியைவிட அதிகப் பரப்பைக் காக்கும் என்று விளம்பரம் செய்யக்கூடாது என 2005-ல் தடையும் விழுந்தது. அங்கே சொல்ல முடியாத வசனத்தை இங்கே லேமினேட் பண்ணி லாபியில் மாட்டுகிறார்கள்.

*

சரி, குடை வேண்டாம். அதே ஐந்து மீட்டர் பைப்பைச் சாதாரணக் கம்பியாக நடுமாடியில் நிறுத்தினால் எதைக் காக்கும்? தரம் சொல்லும் வழி எளிமையானது. மூன்றாம் மட்டத்துக்கு 45 மீட்டர் ஆரமுள்ள ஒரு ராட்சதப் பந்தைக் கட்டடத்தின் மேல் உருட்ட வேண்டும். பந்து தொடுகிற இடத்தில் எல்லாம் மின்னல் விழலாம். தொடாத நிழல்தான் பாதுகாப்பு.

மாடித்தரை மட்டத்தில் அந்தக் கம்பியின் நிழல் 20.6 மீட்டர். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் தரைமட்டத்தில் இருப்பது தூசிதான். சாமான்கள் உயரமாக நிற்கின்றன. 2 மீட்டர் உயரமுள்ள சோலார் பேனலோ ஏசி யூனிட்டோ கம்பியிலிருந்து 7.3 மீட்டருக்குள் இருந்தால்தான் நிழலில் இருக்கும். 20.6 எங்கே, 7.3 எங்கே? மொட்டைமாடி சாமான்கள் விஷயத்தில் எல்லோரும் சறுக்கும் இடம் இது. தரையில் வரைந்த வட்டத்தைப் பார்த்துவிட்டு அதற்குள் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள்.

இன்னொன்று. கட்டடம் 65 மீட்டர், பந்தின் ஆரம் 45 மீட்டர். பந்து பக்கச்சுவரை ஒட்டி மேலே ஏறி வரும்போது மொட்டைமாடியின் விளிம்பைத் தொட்டே தீரும். நடுவில் என்ன கம்பி நின்றாலும் இது மாறாது. கோலாலம்பூரில் மூலைகள் பெயர்ந்ததற்கும் இதே ஜியோமெட்ரிதான் காரணம். ஆகவே கைப்பிடிச்சுவர் மேல் சுற்றிலும் ஒரு பட்டை, மாடியில் குறுக்கும் நெடுக்குமாக 15 மீட்டர் கட்டங்கள், உயரமான ஒவ்வொரு சாமானுக்கும் பக்கத்தில் அதைவிட உயரமான ஒரு சின்னக் கம்பி. அழகாக இருக்காது. ஆனால் பந்து தொடுவது கம்பியையும் பட்டையையும் மட்டுமே.

*

இப்போது அந்த ஒற்றைப் பட்டைக்கு வரலாம். உண்மையான ஆபத்து மேலே இல்லை, இங்கேதான் இருக்கிறது.

மின்னலுக்கு எர்த் பிட் வரை வழி கொடுத்துவிட்டால் அது சமர்த்தாகப் போய்விடும் என்று நினைக்கிறார்கள். நேராக ஓடும் எந்தப் பட்டைக்கும் மீட்டருக்குச் சுமார் 1 மைக்ரோஹென்றி இண்டக்டன்ஸ் உண்டு. மூன்றாம் மட்டத்துக்கான வடிவமைப்பு மின்னலில் மின்னோட்டம் மைக்ரோவினாடிக்கு 100 கிலோஆம்பியர் வேகத்தில் ஏறலாம். இரண்டையும் பெருக்கினால், பட்டையின் ஒவ்வொரு மீட்டருக்கும் 1 லட்சம் வோல்ட். பெரும்பாலான மின்னல் இதைவிடச் சிறியதுதான். ஆனாலும் பத்தாவது மாடியில், தரையிலிருந்து 30 மீட்டர் உயரத்தில், அந்தப் பட்டை நிலத்தைவிட எத்தனை லட்சம் வோல்ட் உயர்ந்து நிற்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். ஒரு கண்சிமிட்டலில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம்தான். பாய்வதற்கு அது போதும்.

எங்கே பாயும்? சுவருக்கு உள்பக்கம் ஓடும் வயரிங்குக்கு. அந்த வயரிங் கீழே மெயின் போர்டில் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. பட்டையும் கீழே எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. பத்தாவது மாடியில் இரண்டுக்கும் நடுவில் சுவர் மட்டும்.

பாயாமல் இருக்க எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதற்கும் தரத்தில் கணக்கு உண்டு. மூன்றாம் வகுப்பு, ஒற்றைப் பட்டை என்றால் நீளத்தை 0.04-ஆல் பெருக்க வேண்டும். 30 மீட்டருக்குக் காற்றில் 1.2 மீட்டர். செங்கல் கான்கிரீட் வழியாக என்றால் அதற்கு இரட்டிப்பு, 2.4 மீட்டர். இருப்பது 9 இன்ச் சுவர். அதாவது 23 சென்டிமீட்டர். தேவையில் பத்தில் ஒரு பங்கு! அந்தச் சுவரின் மறுபக்கம் யாராவது கட்டில் போட்டுப் படுத்திருப்பார்கள். சார்ஜரில் செருகிய போன் தலைமாட்டில் இருக்கும்.

"அப்போ பட்டையைக் கூட்டினால் போச்சு." சரியான கேள்வி, பாதிப் பதில். நம் கட்டடத்தின் சுற்றளவு 120 மீட்டர். மூன்றாம் வகுப்புக்கு 15 மீட்டருக்கு ஒன்று என்று 8 பட்டை வேண்டும், முடிந்தவரை மூலைக்கொன்றாக. அவற்றைக் குறுக்கே வளையங்களால் இணைக்கவும் வேண்டும். மின்னோட்டம் பங்கு பிரிகிறது. தரத்தின் சுருக்கமான கணக்கில் அதே இடைவெளி 0.44 மடங்காகக் குறையும். செங்கல் வழியாக 2.4 என்றது 1.06 மீட்டர் ஆகும். ரொம்பக் குறைந்துவிட்டது. ஆனாலும் 23 சென்டிமீட்டர் ஆகவில்லை.

ஆகவே உயரமான கட்டடத்துக்கு வெளியில் ஒட்டும் பட்டையைவிட நல்ல டவுன் கண்டக்டர், கட்டடத்துக்குள்ளேயே புதைந்திருக்கும் தூண் கம்பிகள். ஒவ்வொரு தூணிலும் கம்பிகள், ஒவ்வொரு தளத்திலும் அவற்றைக் குறுக்கே கோக்கும் உத்தரக் கம்பிகள். மொத்தக் கட்டடமும் ஒரு இரும்புக்கூண்டு. மின்னோட்டம் எல்லாத் தூணிலும் பிரிந்து இறங்குகிறது. ஒரு தளத்தில் இருக்கும் எல்லாமே சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்குகின்றன, பாய்வதற்கான வித்தியாசமே பெரிதாக எழுவதில்லை. கம்பிகள் தொடர்ச்சியாக மின்சாரம் கடத்தும்படி இணைந்த கட்டடத்துக்குள் இந்த இடைவெளி விதியே தேவையில்லை என்று தரமே விலக்குக் கொடுக்கிறது.

இதற்கு நிபந்தனை ஒன்றுதான். கம்பிகள் உண்மையிலேயே இணைந்திருக்க வேண்டும். வெல்டிங், கிளாம்ப், அல்லது போதுமான நீளத்துக்கு ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் கட்டுவது. முடிந்தபிறகு உச்சியிலிருந்து தரைவரை அளந்தால் 0.2 ஓமுக்கு மேல் போகக்கூடாது. மேலே வந்தாலோ, அளக்கவே வழியில்லை என்றாலோ, அந்தக் கம்பிகளை டவுன் கண்டக்டராக நம்பக்கூடாது.

இங்கேதான் பில்டர்கள்மேல் கோபம் வரவேண்டும். இந்தக் கம்பிகளுக்கு ஏற்கெனவே காசு கொடுத்தாகிவிட்டது. கட்டடம் நிற்பதற்காக அவை எப்படியும் அங்கே இருக்கப்போகின்றன. கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் கூடுதலாக வேண்டியது வெல்டர் கூலி, கிளாம்ப், மொட்டைமாடியிலும் அடித்தளத்திலும் வெளியே நீட்டிவிடும் இணைப்பு முனைகள், ஒரு அளவு ரிப்போர்ட். கான்கிரீட் ஊற்றியபிறகு இதை எந்தப் பணத்தாலும் வாங்க முடியாது. விலை குறைவாக இருக்கும்போது செய்யாமல் விட்டுவிட்டு, முடிந்தபிறகு மொட்டைமாடியில் ஒரு பளபளப்பை வைத்து அதை வசதிப் பட்டியலில் சேர்ப்பது எந்த ஊர் காஸ்ட் கண்ட்ரோல்? இத்தனைக்கும் ஈஎஸ்இ-யைப் பெற்றெடுத்த அதே பிரெஞ்சுத் தரம், 2011 பதிப்பில், கட்டடத்தோடு ஒட்டிய ஒவ்வொரு கருவிக்கும் குறைந்தது இரண்டு டவுன் கண்டக்டர் கேட்கிறது. ஒற்றைப் பட்டை போடுகிறவர்கள் தாங்கள் காட்டும் தரத்துக்கே நேர்மையாக இல்லை.

*

இதற்கெல்லாம் ஒரு பதில் ரெடியாக இருக்கும்: "பத்து வருஷமா இருக்கு, ஒண்ணும் ஆகலையே. மீட்டரைப் பாருங்க, ஜீரோ!"

அந்த ஜீரோதான் மிகப் பெரிய சாட்சி. மேலே போட்ட கணக்குப்படி பத்து வருஷத்தில் மூன்று அடியாவது எதிர்பார்க்கலாம். அது சராசரிதான், ஒன்றுமே விழாமலும் போகலாம். ஆனால் மீட்டர் எண்ணுவது அந்தப் பட்டை வழியாகப் போன மின்னலை மட்டும். கைப்பிடிச்சுவர் மூலையில் விழுந்ததை அது எண்ணாது. ஆகவே மீட்டர் ஜீரோ காட்டும்போது மொட்டைமாடிக்குப் போய் நாலு மூலையையும் பார்க்க வேண்டும். கையகலத்துக்குக் கான்கிரீட் பெயர்ந்து, உள்ளே கம்பி தெரிந்து, ஓரம் புதிதாக வெளுத்திருந்தால் இடி வந்துபோயிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். பெயர்ந்த துண்டு 65 மீட்டர் கீழே, பார்க்கிங்கில் விழுந்திருக்கும். ஒரே மழை ராத்திரியில் லிஃப்ட் போர்டும் கேமராக்களும் சேர்ந்து போன தேதி மெயின்டெனன்ஸ் பில்லில் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். "வோல்டேஜ் ஏறிடுச்சு" என்று எழுதிக் காசு கொடுத்திருப்பார்கள்.

அடுத்த பொதுக்குழுவில் ஸ்விம்மிங் பூல் டைல்ஸ் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசுகிறவர்கள் பத்து நிமிஷம் ஒதுக்கி மூன்று காகிதம் கேட்கலாம். செல்போன் டவரையும் சேர்த்துப் போட்ட ரிஸ்க் ஷீட். 45 மீட்டர் பந்து உருட்டி, ஒவ்வொரு சாமானும் நிழலில் இருக்கிறது என்று காட்டும் மொட்டைமாடி வரைபடம். தூண் கம்பிகளின் 0.2 ஓம் ரிப்போர்ட். மூன்றாவது இல்லையென்றால் எட்டுப் பட்டையும் வளையங்களும், அவற்றுக்குப் பக்கத்தில் ஓடும் வயரிங்கை எப்படி விலக்குவது அல்லது இணைப்பது என்ற திட்டமும் வேண்டும். மெயின் போர்டில் மின்னல் மின்னோட்டத்தையே தாங்கும் வகை சர்ஜ் புரொடெக்டர் இல்லாமல் அந்தத் திட்டம் முடியாது.

இவற்றைத் தர முடியாதவர் கொடுக்கும் கொட்டேஷன் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது லாபம் இல்லை. மிச்சம் பிடித்த தொகை பத்தாவது மாடியில், 9 இன்ச் சுவருக்கு அந்தப்பக்கம் தூங்குகிறவரின் பெயரில் கடனாக எழுதப்பட்டிருக்கிறது. அவரிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.